பெட்டிகளுக்கு ஒரே ஜாடை

எங்கள் தெருவில் உள்ள சின்ன நூலகத்துக்கு ஒரு பக்கப் படம் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டேன். நூல் இரவல் வாங்க என்ன செய்ய வேண்டும் என்பதை நான்கு படிகளில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பவர்பாயிண்டைத் திறந்து மேலே ஒரு தலைப்புப் பட்டை போட்டேன். அதற்குக் கீழே நான்கு பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ‘படி 1’, ‘படி 2’ என்று ஒரு சின்னச் சீட்டு, பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறிகள், உள்ளே புத்தகம், அட்டை, கடிகாரம் என்று சில ஐகான்கள். நிறங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். எழுத்துருவும் ஒன்றே ஒன்றுதான். பிரிண்ட் போடக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இதை நாலு பேரு சேர்ந்து செஞ்சீங்களா?” என்று கேட்டார்.

எது சரியில்லை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து படத்தை நன்றாகப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒரு பெட்டியின் மூலை கொஞ்சமாக வளைந்திருக்கிறது, பக்கத்துப் பெட்டியின் மூலை தலையணை மாதிரி உப்பியிருக்கிறது. பெட்டியின் ஓரக்கோடு ஒரு தடிமன், அம்புக்குறி அதில் பாதி. மூன்று பெட்டிகளின் நிழல் வலப்பக்கம் விழுகிறது, பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிய நான்காவதன் நிழல் இடப்பக்கம் விழுகிறது. நிறம் ஒன்றாக இருந்தும் ஜாடை ஒட்டவில்லை.

இதில் நான் வேண்டுமென்றே மாற்றியது எதுவுமே இல்லை. எல்லாம் நான் பெட்டிகளை இழுத்துப் பெரிதாக்கியபோதும், அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்து ஒட்டியபோதும் தானாக நடந்தவை. ஓர் உருவத்தைப் பிடித்து இழுக்கும்போது அதன் மூலை வளைவு, கோட்டுத் தடிமன், நிழல், உள்ளே இருக்கும் ஐகான் ஆகியவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில கூடவே வளரும், சில அப்படியே நிற்கும். எது வளரும், எது நிற்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பவர்பாயிண்டை வைத்தே சொல்கிறேன், பலரிடமும் இருக்கும் மென்பொருள் அதுதான்.

மூலை: கண்ணுக்குத் தெரியாத ஒரு விகிதம்

மூலை, கோடு, நிழல் மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது மூலைதான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு மூலை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை எப்படி அளப்பது? மூலையின் வளைவு ஒரு வட்டத்தின் கால் பங்கு. அந்த வட்டத்தின் ஆரம்தான் அளவு. பெட்டியின் மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அதன் ஓரமாக வெட்டினால் நாணயத்தின் ஆரம் எவ்வளவோ அதுவே மூலையின் ஆரம். எல்லாப் பெட்டிக்கும் அதே நாணயத்தை வைத்து வெட்டினால் மூலைகள் ஒன்றுபோல வரும்.

பவர்பாயிண்ட் அப்படிச் செய்வதில்லை. ‘Rounded Rectangle’ என்ற உருவத்தை வரையும்போது அது ஆரத்தை சென்டிமீட்டரில் நினைவில் வைப்பதில்லை. பெட்டியின் அகலம், உயரம் இரண்டில் எது குறைவோ அதில் எத்தனை பங்கு என்று விகிதமாகத்தான் வைத்துக்கொள்கிறது. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த விகிதம் 0.16667, அதாவது ஆறில் ஒரு பங்கு. ஆக, பெட்டி மாறினால் நாணயமும் மாறிவிடுகிறது.

என் படத்தில் என்ன ஆனது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைப்புப் பட்டை 28 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். குறைந்த பக்கம் 3, அதில் ஆறில் ஒரு பங்கு 0.5 செ.மீ. படிகளுக்கான பெட்டி 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம். அதன் மூலை 0.67 செ.மீ. ‘படி 1’ சீட்டின் உயரம் 0.9 செ.மீ.தான், அதனால் அதன் மூலை 0.15 செ.மீ. மட்டுமே, கிட்டத்தட்டக் கூர்மையாகவே தெரிந்தது. கடைசிப் பெட்டியில் எழுத்து அதிகம் என்பதால் அதைக் கீழே இழுத்து 6.5 செ.மீ. உயரமாக்கியிருந்தேன். இப்போது குறைந்த பக்கம் அகலமான 6 ஆகிவிட, மூலை சரியாக 1 செ.மீ. ஆகிவிட்டது. பக்கத்தில் நிற்கும் தம்பிக்கு 0.67, இவனுக்கு 1. ஒரே வரிசையில் நின்றதால் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. தலையணை என்று சொன்னேனே, அது இந்தப் பெட்டிதான்.

சரி, எப்படித் திருத்துவது? முதலில் ஓர் ஆரத்தை முடிவு செய்ய வேண்டும். நான் 0.4 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் விகிதத்தைத் திருப்பிக் கணக்கிட வேண்டும், அதாவது ஆரத்தைக் குறைந்த பக்கத்தால் வகுக்க வேண்டும். பட்டைக்கு 0.4 ÷ 3, அதாவது 0.133. நான்கு செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு 0.1. நீட்டிய பெட்டிக்கு 0.067. விகிதங்கள் வேறு வேறாக இருந்தால்தான் மூலை ஒன்றாக வரும்.

இந்த எண்ணைத் தட்டச்சு செய்ய பவர்பாயிண்டில் கட்டம் எதுவும் கிடையாது. பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் மேல் விளிம்பில் ஒரு மஞ்சள் பொட்டு தெரியும், அதைப் பிடித்து நகர்த்தித்தான் வளைவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். கண் மதிப்பில் நகர்த்தினால் மறுபடி கதை பழையபடிதான். இதற்கு தச்சர்கள் பலகையில் அச்சு வைத்துப் பார்ப்பது போல ஓர் எளிய வழி உண்டு. 0.8 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து, நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு, சிவப்பு ஓரக்கோடு மட்டும் கொடுங்கள். அதைப் பெட்டியின் இடது மேல் மூலையில், மேல் விளிம்பையும் இடது விளிம்பையும் தொடும்படி வையுங்கள். திரையை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பெட்டியின் வளைவு வட்டத்தின் மேல் சரியாகப் படியும் வரை மஞ்சள் பொட்டை நகர்த்துங்கள். அப்புறம் அதே வட்டத்தை அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோங்கள். பத்துப் பெட்டிகள் வரை இது போதும்.

பெட்டிகள் நிறைய என்றால், இந்த வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரலான ஒரு மேக்ரோ எழுதிவிடலாம். விண்டோஸில் `Alt+F11` அழுத்தி, Insert பட்டியலில் Module எடுத்து, இதை ஒட்டுங்கள். பிறகு ஸ்லைடுக்குத் திரும்பி, பெட்டிகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, `Alt+F8` அழுத்தி ஓட்டுங்கள்.

```vba
Sub OneRadius()
  Dim s As Shape, m As Single
  For Each s In ActiveWindow.Selection.ShapeRange
    If s.AutoShapeType = msoShapeRoundedRectangle Then
      m = s.Width
      If s.Height < m Then m = s.Height
      s.Adjustments(1) = 11.34 / m
    End If
  Next
End Sub
```

இங்கே 11.34 என்பது 0.4 செ.மீ.யைப் பாயிண்டில் சொன்னது. மேக்ரோவுக்குள் எல்லா அளவும் பாயிண்டில்தான், ஒரு செ.மீ. என்பது 28.35 பாயிண்ட். குரூப் செய்து வைத்த பெட்டிகளை இது தொடாமல் போய்விடும், அவற்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டி முடித்த பிறகு ஒரு பெட்டியை மறுபடி இழுத்தால் மூலையும் மறுபடி மாறும். ஆகவே அளவுகள் எல்லாம் முடிவான பிறகு, கடைசியாக ஓட்டுவதே நல்லது.

இனி அந்தச் சின்னச் சீட்டு. 0.9 செ.மீ. உயரமுள்ள சீட்டுக்கும் 0.4 கொடுத்துப் பார்த்தேன். கணக்குப்படி மற்றவற்றோடு பொருந்துகிறது, ஆனால் பார்வைக்கு மாத்திரை மாதிரி ஆகிவிட்டது. பாதி உயரமே 0.45தான், அதில் 0.4 வளைவுக்கே போய்விட்டால் நேராக நிற்க இடம் எங்கே? ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போடுவது எப்போதும் உதவாது என்பது இங்கேதான் தெரியும். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சின்ன உருவங்களுக்கென்று பாதி ஆரம், அதாவது 0.2 செ.மீ. என்று வைத்துக்கொள்வது. இன்னொன்று, மாத்திரை வடிவம்தான் வேண்டும் என்று முடிவு செய்து முழு மாத்திரையாகவே, அதாவது விகிதத்தை 0.5 ஆகவே வைத்துவிடுவது. நடுவில் நிற்கும் 0.44 மட்டும் வேண்டாம். அது மாத்திரையா பெட்டியா என்று கண்ணுக்கே சந்தேகம் வரும், அந்தச் சந்தேகம்தான் பிழையாகப் படும். நான் 0.2 எடுத்தேன், சீட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மேக்ரோவில் 11.34-ஐ 5.67 ஆக்கி மறுபடி ஓட்டினேன். பெரியவற்றுக்கு 0.4, சிறியவற்றுக்கு 0.2. இந்தப் படத்துக்கு மூன்றாவது அளவு தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் பெட்டி வரும்போது மட்டும் வேறு கணக்கு. என் நான்கு பெட்டிகளும் வெளிர் நீலம். நீட்டிய பெட்டியில் மட்டும் குறிப்புக்காக உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டி, சுற்றிலும் 0.25 செ.மீ. இடைவெளி விட்டு. இரண்டுக்கும் ஒரே 0.4 ஆரம் கொடுத்தால் பக்கங்களில் நீலப்பட்டை 0.25 செ.மீ. இருக்க, மூலையில் மட்டும் 0.35 செ.மீ. ஆகிவிடுகிறது. சேலையின் கரை மூலையில் மட்டும் அகலமானது போல ஒரு கனம் அங்கே தேங்கி நிற்கும். இரண்டு வளைவுகளுக்கும் மையப்புள்ளி ஒன்றாக இருந்தால்தான் இடைவெளி சுற்றிலும் சமமாக ஓடும். அதற்கு வெளி ஆரத்திலிருந்து இடைவெளியைக் கழித்தால் போதும். 0.4-இல் 0.25 போக 0.15. உள்பெட்டிக்கு 0.15 வைத்தேன், கரை சீராகிவிட்டது. இடைவெளி வெளி ஆரத்தை விடப் பெரியதாக இருந்தால் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. அப்போது உள்ளே கூர்மையான மூலையே போதும், அல்லது சின்ன ஆரமான 0.2-ஐயே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தூரத்தில் கண் இரண்டையும் ஒப்பிடுவதில்லை.

கோடு: இழுத்தாலும் வளராதது, இழுத்தால் வளர்வது

கோட்டின் விஷயத்தில் பவர்பாயிண்ட் நேர் எதிராக நடந்துகொள்கிறது. பெட்டியை எவ்வளவு இழுத்தாலும் ஓரக்கோட்டின் தடிமன் அப்படியே இருக்கும். 1.5 பாயிண்ட் என்றால் 1.5 பாயிண்ட்தான். இது நமக்குச் சாதகமானது. சிக்கல் வருவது இரண்டு இடங்களில்.

முதலாவது, பெட்டிக்கும் அம்புக்குறிக்கும் தொடக்கத்திலேயே வேறு வேறு தடிமன் வருகிறது. 2013 பதிப்போடு வந்த வழக்கமான தீமில் பெட்டியின் ஓரக்கோடு 1 பாயிண்ட், இணைக்கும் கோடும் அம்பும் 0.5 பாயிண்ட். நாம் எதையும் தொடாமலே அம்பு பாதி இளைத்துத்தான் பிறக்கிறது. வழக்கமான அகலத்திரை ஸ்லைடு 13.333 அங்குல அகலம். அதை 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் முழுதாகக் காட்டினால் ஒரு பாயிண்டுக்கு 2 பிக்சல் வரும். அப்படியானால் பெட்டியின் கோடு 2 பிக்சல், அம்பு வெறும் 1 பிக்சல். தூரத்திலிருந்து பார்த்தால் அம்புகள் இருக்கிற இடமே தெரியாது. அது மட்டுமல்ல, அம்பின் தலை எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்பதையும் கோட்டின் தடிமனே தீர்மானிக்கிறது. அதனால் தடிமன் மாறிய அம்புகளின் தலைகளும் வேறு வேறு அளவில் நிற்கும்.

திருத்துவது சுலபம். எல்லா அம்புகளையும் பெட்டிகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, Format Shape பலகத்தில் Width கட்டத்தில் 1.5 பாயிண்ட் என்று ஒரே முறை அடித்தால் போதும். தேர்ந்தெடுத்தவை வேறு வேறு தடிமனில் இருந்தால் அந்தக் கட்டம் காலியாகத் தெரியும். சோதனைக்கே இதைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள், கட்டத்தில் ஓர் எண் தெரிந்தால் எல்லாம் ஒன்று, காலியாக இருந்தால் எங்கோ ஒன்று தப்பியிருக்கிறது.

இரண்டாவது சிக்கல் ஐகான்கள், இது கொஞ்சம் தந்திரமானது. கோட்டுச் சித்திரம் போல இருக்கும் ஐகான்களில் நாம் கோடு என்று பார்ப்பது பெரும்பாலும் கோடே அல்ல, நிரப்பப்பட்ட ஒரு மெல்லிய வடிவம். அதற்குத் தடிமன் என்று தனி எண் கிடையாது. ஐகானை இழுத்தால் அந்த வடிவமும் சேர்ந்து வளரும், கோடு தடித்துவிடும். பல ஐகான் தொகுப்புகள் 24-க்கு 24 என்ற கட்டத்தில், 2 அலகு தடிமனில் வரையப்பட்டவை. கூகுளின் மெட்டீரியல் ஐகான்களுக்கும் அதுவே அடிப்படை அளவு. அதாவது ஐகானின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கோட்டின் தடிமன். நான் புத்தக ஐகானை 1.2 செ.மீ. அகலத்தில் வைத்திருந்தேன், அதன் கோடு 0.1 செ.மீ., கிட்டத்தட்ட 2.8 பாயிண்ட். கடிகாரம் சின்னதாகத் தெரிகிறதே என்று அதை மட்டும் 2.4 செ.மீ. ஆக்கியிருந்தேன். அதன் கோடு 5.7 பாயிண்ட் ஆகிவிட்டது. ஒரே தொகுப்பிலிருந்து எடுத்தவைதான் இரண்டும், இருந்தும் ஒன்று பேனாவால் வரைந்தது போலவும் மற்றது மார்க்கரால் வரைந்தது போலவும் இருந்தது.

ஆகவே ஐகான்கள் எல்லாம் ஒரே தொகுப்பிலிருந்து, ஒரே அளவில் வர வேண்டும். ஒன்று பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்றால், அதே தொகுப்பில் மெல்லிய கோட்டுப் பதிப்பு இருக்கிறதா என்று தேடி, அதைப் பெரிதாக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக அதைச் சுற்றி ஒரு வெளிர் நிற வட்டம் போட்டு எடுப்பாக்கினேன். மற்ற மூன்றுக்கும் அதே வட்டம்.

ஐகானின் கோடு 2.8, பெட்டியின் கோடு 1.5, இவை ஒன்றாக இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான், இருக்கவும் தேவையில்லை. பெட்டி சட்டம், ஐகான் அதற்குள் இருக்கும் படம். சட்டம் மெலிதாக இருப்பதே நல்லது. ஆனால் இரண்டு தடிமன்களை வைத்துக்கொண்டால் அவற்றுக்கு நடுவே வேண்டுமென்றே செய்தது என்று தெரியும் அளவுக்கு வித்தியாசம் இருக்க வேண்டும். ஏறத்தாழ இரட்டிப்பு என்றால் கண் ஏற்றுக்கொள்கிறது. 1 பாயிண்டும் 1.25 பாயிண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அது கைத்தவறாகவே தெரியும்.

கோட்டைப் பற்றி இன்னும் ஒன்று. பவர்பாயிண்ட் ஓரக்கோட்டை விளிம்பின் மேல் நடுவாக வைக்கிறது, பாதி உள்ளே, பாதி வெளியே. அதனால் 6 செ.மீ. அகலம் என்று எழுதியிருக்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு 3 பாயிண்ட் கோடும் மற்றதற்குக் கோடே இல்லாமலும் இருந்தால், கோடு உள்ளது பக்கத்துக்கு 1.5 பாயிண்ட் வெளியே துருத்தும். அளவு சரியாகத்தானே இருக்கிறது, ஏன் வரிசை கோணுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இது. கோடு வேண்டாத பெட்டிக்கு No line என்று விடாமல், நிரப்பிய நிறத்திலேயே அதே தடிமனில் ஒரு கோடு கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

நிழல்: ஒரே விளக்கு

நிழலை எங்கேயும் போடாமல் விட்டுவிடுவது ஒரு நல்ல தீர்வு. நான் அதைத்தான் பெரும்பாலும் பரிந்துரைப்பேன். போடுவதென்றால் ஒரே விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு போட வேண்டும்.

Format Shape பலகத்தில் நிழலுக்கு ஐந்து எண்கள் இருக்கும். அவற்றில் Angle விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 45 டிகிரி என்றால் நிழல் வலது கீழாக விழும், விளக்கு இடது மேலே. 90 என்றால் நேர் கீழே. வலது கீழ் நிழலுக்கான தயார் தேர்வை அழுத்தினால் 45 டிகிரி, 3 பாயிண்ட் தூரம், 4 பாயிண்ட் மங்கல், 60 சதவீத ஒளி ஊடுருவல் என்று வரும். பக்கத்திலேயே மற்ற திசைகளுக்கான தேர்வுகளும் சின்னச் சின்னப் படங்களாக அடுக்கியிருக்கும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அவசரத்தில் கை தவறி அடுத்ததை அழுத்தினாலும் அப்போது தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெட்டிக்கு மட்டும் சூரியன் மேற்கே உதித்திருக்கும்.

நான் இப்போதெல்லாம் 90 டிகிரிதான் வைக்கிறேன். காரணம் அழகு மட்டுமல்ல. நிழல் வலப்பக்கம் விழுந்தால் வரிசையாக நிற்கும் பெட்டிகளின் நடுவில் உள்ள இடைவெளியை ஒவ்வொன்றின் நிழலும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. அங்கே அம்புக்குறி வைத்தால் அது இடப்பெட்டிக்கு நெருக்கமாகவும் வலப்பெட்டிக்குத் தள்ளியும் இருப்பது போலத் தோன்றும். நேர் கீழே விழுந்தால் இடமும் வலமும் சமம்.

மற்ற எண்களில் Distance, Blur இரண்டும் ஜோடியாகப் போக வேண்டும். இரவில் மேஜை விளக்கைப் போட்டு உள்ளங்கையை மேஜை மேல் வைத்துப் பாருங்கள். கை மேஜையை ஒட்டி இருக்கும்போது நிழல் அடங்கி, ஓரம் கூர்மையாக இருக்கும். கையைத் தூக்கத் தூக்க நிழல் விலகிப் போகும், ஓரமும் கரைந்துகொண்டே வரும். தூரம் அதிகமாகி மங்கல் குறைவாகவே இருந்தால் இயற்கையில் பார்க்காத ஒன்று போல இருக்கும், நிழலாகத் தெரியாமல் பின்னால் ஒட்டிய கறுப்புக் காகிதமாகத் தெரியும். நான் பெட்டிகளுக்கு 2 பாயிண்ட் தூரம், 6 பாயிண்ட் மங்கல், 75 சதவீத ஊடுருவல் வைத்தேன். ‘தாமதமானால் அபராதம் இல்லை’ என்ற ஒரு சீட்டு மட்டும் கடைசிப் பெட்டியின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அது பெட்டியை விட உயரத்தில் இருப்பதாகக் காட்ட 5 பாயிண்ட் தூரம், 14 பாயிண்ட் மங்கல். கோணமும் நிறமும் மாறவில்லை, உயரம் மட்டும்தான் மாறியது. அம்புகளுக்கு நிழல் கிடையாது. மெல்லிய கோட்டுக்கு நிழல் போட்டால் இரண்டு கோடு போலத் தெரியும், தண்ணீர் பட்ட அச்சு மாதிரி.

ஓர் உருவத்துக்கு நிழல் போட்டதும் உள்ளே இருக்கும் எழுத்துக்களுக்கும் நிழல் முளைத்துவிட்டதென்றால் பயப்பட வேண்டாம், அந்த உருவத்துக்கு நிரப்பு நிறம் இல்லை என்று அர்த்தம். No fill என்றிருக்கும் பெட்டி வெறும் சட்டம்தான், ஒளி அதன் வழியே போய்விடுகிறது, அதனால் கோட்டின் நிழலும் எழுத்தின் நிழலும் தனித்தனியாக விழுகின்றன. பின்னணி நிறத்தையே நிரப்பாகக் கொடுத்தால் எழுத்து சுத்தமாகிவிடும். படத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நிழலைக் கழற்றிவிடுங்கள். ஜெராக்ஸில் மங்கல் எல்லாம் அழுக்குப் புள்ளிகளாகத்தான் வரும்.

ஒட்டும்போது என்ன வரும், என்ன வராது

ஒரு பெட்டியைச் சரிசெய்துவிட்டால் அதன் தோற்றத்தை மற்றவற்றுக்கு Format Painter கொண்டு பூசலாம். நிறம், கோடு, நிழல் மூன்றும் போய்ச் சேரும். மூலை வளைவு மட்டும் போகாது, ஏனென்றால் பவர்பாயிண்டுக்கு அது தோற்றம் இல்லை, வடிவம். பெட்டியை வலது கிளிக் செய்து Set as Default Shape கொடுத்தாலும் இதே கதைதான். அடுத்து வரையும் பெட்டிக்குக் கோடும் நிழலும் சரியாக வரும், மூலை மறுபடி ஆறில் ஒரு பங்குக்கே போய்விடும். அதனால் நான் கோப்பின் கடைசியில் ஒரு ஸ்லைடை மறைத்து வைத்து, அதில் பெரிய பெட்டி ஒன்று, சீட்டு ஒன்று, அம்பு ஒன்று, வட்டத்தோடு ஓர் ஐகான், பக்கத்தில் அந்த 0.8 செ.மீ. சிவப்பு வட்டம் என்று மாதிரிகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். புதிதாக வரைவதில்லை, அங்கிருந்துதான் எடுத்து ஒட்டுகிறேன். வேறு கோப்பிலிருந்து எதையாவது கொண்டுவந்தால் அதன் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

முடிந்த படத்தைச் சோதிக்க ஒரு வழி. ஒவ்வொரு உருவத்தின் இடது மேல் மூலையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரே உருப்பெருக்கத்தில், ஒரு காலி ஸ்லைடில் வரிசையாக ஒட்டுங்கள். முழுப் படத்தில் எழுத்தும் நிறமும் கண்ணை இழுத்துக்கொள்ளும். மூலைகளை மட்டும் வைத்தால் வளைவு, கோடு, நிழல் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை, ஒட்டாதது உடனே முகத்தைக் காட்டிவிடும். என் படத்தில் அப்படிக் கடைசியாக மாட்டியது ‘படி 3’ சீட்டு. மற்ற மூன்று சீட்டுகளும் 0.2, அது மட்டும் பழைய 0.15. அதை ஐகானோடு குரூப் செய்து வைத்திருந்தேன், மேக்ரோ தாண்டிப் போயிருந்தது.

சுவரில் ஒட்டுவதற்கு A3 அளவு கேட்டிருந்தார்கள். ஸ்லைடில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் பெரிதாக்கியிருந்தால் மூலையும் ஐகானும் வளர்ந்து, கோடும் நிழலும் எழுத்தும் அப்படியே நின்று, செய்த வேலை அத்தனையும் கலைந்திருக்கும். அதனால் ஸ்லைடைத் தொடாமல் பிடிஎஃப் ஆக மாற்றி, அச்சிடும்போது பெரிதாக்கச் சொன்னேன். ஸ்லைடின் 33.87 செ.மீ. அகலம் A3 தாளின் 42 செ.மீ.க்கு விரியும்போது எல்லாமே 1.24 மடங்கு ஒன்றாக வளரும். 1.5 பாயிண்ட் கோடு 1.86 ஆகும், 0.4 செ.மீ. மூலை 0.5 செ.மீ. ஆகும், நிழலும் அதற்கேற்ப.

கடைக்கார அண்ணன் கோப்பைத் திறந்து, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பெட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “லேமினேஷன் போட்டுடவா?” என்று மட்டும் கேட்டார்.